48 சீட்டும் 80 சதவீதமும்: எங்கள் கோவொர்க்கிங் பட்ஜெட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டிய பதிவு

திருச்சி தில்லைநகரில் இரண்டாம் மாடியில் 2,400 சதுர அடி இடம். 2023 ஜூனில் அதைக் கோவொர்க்கிங் இடமாகத் திறந்தோம். மொத்தம் 48 சீட். அதில் பெயர் போட்டு ஒதுக்கும் நிரந்தர மேசை 20, வந்தவர் உட்காரும் ஹாட் டெஸ்க் 16, ஆறு பேர் உட்காரும் கேபின் இரண்டு. நிரந்தர மேசைக்கு மாதம் 5,500 ரூபாய், ஹாட் டெஸ்க்குக்கு 4,000, கேபினில் தலைக்கு 6,000 என்று விலை வைத்தோம்.

திறப்பதற்கு முன் நான் போட்ட பட்ஜெட் ஒரே பக்கம்தான். எல்லாச் சீட்டும் நிரம்பினால் மாதம் 2,46,000 ரூபாய் வரும். நூற்றுக்கு நூறு நிரம்பாது, 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் என்று 1,96,800 எழுதினேன். மீட்டிங் அறை வாடகையாக இன்னொரு 15,000. செலவுப் பக்கத்தில் வாடகை 60,000, மின்சாரம் 28,000, இரண்டு இன்டர்நெட் இணைப்புக்கு 9,000, வரவேற்புக்கு ஒருவர், துப்புரவுக்கு ஒருவர் எனச் சம்பளம் 36,000, டீ, காபி, தண்ணீர் 8,000, பழுது பார்க்க 6,000, கணக்கு வேலைக்கு 4,000. உள் அலங்காரத்துக்கும் மேசை நாற்காலிக்கும் ஏசிக்கும் போட்ட 18 லட்சத்தை ஐந்து ஆண்டில் திரும்ப எடுக்க மாதம் 30,000. ஆக 1,81,000. மிச்சம் 30,800 என்று வந்தது. அந்தத் தாளை நம்பித்தான் அட்வான்ஸ் கொடுத்தோம்.

ஒன்பதாவது மாதம் 27 பேரிடம் கட்டணம் வாங்கியும் கையிலிருந்து போட வேண்டியிருந்தது. வசூல் 1,24,620, மீட்டிங் அறையில் 4,800. செலவு, 18 லட்சத்தை மீட்கும் கணக்கைச் சேர்க்காமலே, 1,43,000க்கு மேல். ஏறக்குறைய 14,000 பள்ளம். இன்னும் நிரம்பவில்லை, நிரம்பினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கடைசி நான்கு மாதங்களைத் திரும்பிப் பார்த்தபோது சீட் எண்ணிக்கை 22, 24, 25, 27 என்று ஊர்ந்துகொண்டிருந்தது. உண்மையிலேயே நிரம்புமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என அந்த வாரம் உட்கார்ந்தேன். அந்த வேலையின் பதிவுதான் இது.

முதலில் பிரித்தது சராசரி விலையை. முழுதாக நிரம்பிய கணக்கில் ஒரு சீட்டுக்கு 5,125 ரூபாய் வரும். ஒன்பதாவது மாத வசூலை 27ஆல் வகுத்தால் 4,615தான் வந்தது. நாங்கள் யாருக்கும் பெரிய தள்ளுபடி கொடுக்கவில்லை. பிறகு எங்கே போனது? இரண்டு இடத்தில் போயிருந்தது. ஒன்று, எந்தச் சீட் விற்றது என்பது. என் தாள் எல்லா வகையும் ஒரே வேகத்தில் நிரம்பும் என்று எடுத்துக்கொண்டது. நிஜத்தில் ஹாட் டெஸ்க் 14, நிரந்தர மேசை 9, கேபினில் 4 பேர். விலை குறைந்தது முதலில் விற்றது. இது மட்டுமே சராசரியை 4,796 ஆக்கியது.

இரண்டாவது ஜிஎஸ்டி. கேபின் எடுக்கும் நிறுவனங்கள் வரி பில் கேட்பார்கள் என்பதால் முதல் நாளே பதிவு செய்திருந்தோம். உறுப்பினர் கட்டணத்துக்கு 18 சதவீதம். நிறுவனம் என்றால் அந்த வரியை வரவு வைத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும், அதனால் 6,000, அதற்கு மேல் வரி என்று சொன்னால் மறுபேச்சு இல்லை. தனியாகச் சிறு வேலை எடுத்துச் செய்கிறவருக்குப் பதிவு இருக்காது. அவருக்கு 4,000 என்றால் 4,000தான், மேலே 720 கேட்டால் தயங்குவார். அப்படித் தயங்கிய எட்டுப் பேருக்கு “வரியோடு சேர்த்தே நாலாயிரம்” என்று சொல்லியிருந்தோம். அதில் நமக்கு நிற்பது 3,390 ரூபாய். எட்டுப் பேருக்கு மாதம் 4,880 ரூபாய் அரசாங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்ததை நான் வருமானமாக எண்ணியிருந்தேன். பட்ஜெட்டில் வருமான வரிசை எப்போதும் வரி நீக்கிய தொகையாகவே இருக்க வேண்டும். வாடகைக்குக் கட்டும் வரி வரவாகக் கிடைப்பதால் வாடகையையும் அப்படியே வரி நீக்கி எழுத வேண்டும். இப்போது என் தாளில் விலைப்பலகைத் தொகைக்கு ஒரு நெடுவரிசை, வரி நீக்கிய தொகைக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கிறது. கூட்டுவது இரண்டாவதை மட்டும்.

அடுத்தது செலவு. காலிச் சீட்டுக்கும் ஆகிற செலவு எது, ஆள் வந்தால் மட்டும் ஆகிற செலவு எது என்று ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன். வாடகை, சம்பளம், இன்டர்நெட், பழுது, கணக்கு எல்லாம் முதல் வகை. மின்சாரம்தான் சிக்கல். எங்கள் வணிக இணைப்பில் ஒப்புதல் பெற்ற லோடுக்குக் கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் உண்டு, சுவிட்சே போடாவிட்டாலும் கட்டணும். ரூட்டர், கேமரா, பிரிட்ஜ், படிக்கட்டு விளக்கு எப்போதும் ஓடும். இவற்றைச் சேர்த்து மாதம் 10,000 என்று கணக்கு வந்தது. மிச்சம் 18,000 ஏசியும் விசிறியும், ஆள் வருவதைப் பொறுத்தது. அதோடு டீ, தண்ணீர் 8,000. இந்த 26,000 ரூபாய் 38 சீட் அளவுக்குப் போட்ட கணக்கு, ஆகவே ஒரு சீட்டுக்குச் சுமார் 680. நிலையான செலவு 1,25,000.

கரண்ட் பில் இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். முதல் தாளில் மாதச் சராசரியை எழுதியிருந்தேன், அதனால் பில் வராத மாதம் வங்கியில் பணம் இருப்பதுபோலத் தெரியும். அதை வைத்து நவம்பரில் புது நாற்காலி வாங்கினோம், டிசம்பரில் பில்லுக்குத் திண்டாடினோம். இப்போது பில் வராத மாதமும் பாதித் தொகையைத் தனிக்கணக்கில் போட்டுவிடுகிறோம்.

சரி, இப்போது எத்தனை சீட்டில் கை கடிக்காது என்று பார்க்கலாம். ஒரு சீட் தரும் வரி நீக்கிய சராசரியை 4,600 என்று வைத்து, அதற்கு ஆகும் 680ஐக் கழித்தால் 3,920. நிலையான செலவிலிருந்து மீட்டிங் அறை வருமானத்தைக் கழித்து, அதை 3,920ஆல் வகுக்க வேண்டும்.

```
=ROUNDUP((B20-B21)/(B22-B23),0)
```

B20 நிலையான செலவு, B21 மீட்டிங் அறை வருமானம், B22 சீட்டுச் சராசரி, B23 சீட்டுக்கு ஆகும் செலவு. அன்றாடச் செலவு மட்டும் என்றால் 31 சீட். 18 லட்சத்தை மீட்கும் 30,000ஐயும் சேர்த்தால் 39 சீட். பழைய தாளின் எண்களை இதே சூத்திரத்தில் போட்டால் 32தான் வருகிறது. விலையும் மீட்டிங் அறையும் தவறியதில் மட்டும் ஏழு சீட் நகர்ந்திருக்கிறது. ஆக, 39 வரை போக முடியுமா என்பதே கேள்வி.

இந்த இடத்தில்தான் 80 சதவீதம் என்ற எண் உடைந்தது. அது ஒரு ஊகம். நிரம்பும் அளவை உண்மையில் தீர்மானிப்பது மாதம் எத்தனை பேர் சேர்கிறார்கள், இருப்பவர்களில் எத்தனை பங்கு விலகுகிறார்கள் என்ற இரண்டு மட்டுமே. திறந்த முதல் இரண்டு மாதத்தை விட்டுவிட்டேன், ஏனென்றால் அப்போது சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள். மூன்றாவது மாதம் முதல் ஒன்பதாவது வரை ஏழு மாதத்தில் 32 பேர் சேர்ந்தார்கள், 20 பேர் விலகினார்கள். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் இருந்த எண்ணிக்கையைக் கூட்டினால் 152. இருபதை 152ஆல் வகுத்தால் மாத விலகல் 13 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். சேர்க்கை மாதத்துக்குச் சராசரி 4.6.

இப்போது யோசித்துப் பாருங்கள். 20 சீட் இருக்கும்போது 13 சதவீதம் என்றால் இரண்டு மூன்று பேர் போவார்கள், நான்கைந்து பேர் வருவார்கள், ஏறும். சீட் கூடக் கூட, போகிறவர்கள் எண்ணிக்கையும் கூடும். 35 சீட்டில் மாதம் 4.6 பேர் போவார்கள், 4.6 பேர் வருவார்கள். அங்கேயே நின்றுவிடும். சேர்க்கையை விலகல் விகிதத்தால் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். இன்னும் இரண்டு வருடம் காத்திருந்தாலும் 35ஐத் தாண்டாது, எங்களுக்கு வேண்டியது 39. இதைத் தாளில் மாதம் மாதமாகப் பார்க்க ஒரு வரி போதும்.

```
=ROUND(B5*(1-$H$1)+$H$2,1)
```

H1 விலகல் விகிதம், H2 மாதச் சேர்க்கை, B5 முந்தைய மாத இறுதிச் சீட். இதை 24 மாதத்துக்கு இழுத்துவிட்டால் கோடு எங்கே படுக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். H1ஐ 0.10 ஆக்கினால் அதே சேர்க்கையில் எல்லை 46. விலகலைத் தொடாமல் 39க்குப் போக மாதம் ஐந்துக்கு மேல் சேர்க்க வேண்டும். விளம்பரத்துக்குப் போட நினைத்திருந்த பணத்தை நான் நிறுத்தி வைத்ததற்கு இந்த ஒரு வரிதான் காரணம்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தனி ஆட்கள் ஒவ்வொருவராகப் போவதற்கு இது பொருந்தும். கேபின் அப்படி இல்லை. ஒன்பதாவது மாதம் விலகிய நான்கு பேரும் ஒரே குழு. ஒரே நாளில் 24,000 ரூபாய் வருமானம் நின்றது. கூடவே இரண்டு மாத முன்பணம் 48,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. முன்பணம் நம் பணம் இல்லை என்பது தெரியும், ஆனால் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்ததால் இருப்பு நல்லபடியாகத் தெரிந்துகொண்டே இருந்தது. இப்போது முன்பணம் முழுதும் தனி வைப்புக் கணக்கில். தாளின் அடியில் “பெரிய குழு போனால்” என்று ஒரு கட்டம். அதில் இருப்பதிலேயே பெரிய குழுவின் சீட்டுகளைக் கழித்து, மூன்று மாதத்துக்கு நிலையான செலவைத் தாங்குமா என்று மட்டும் பார்க்கிறேன்.

அப்புறம், தனியாக விலகிய 16 பேருக்கும் போன் செய்தேன். ஒன்பது பேர் சொன்னது ஏறக்குறைய ஒன்றே: “இடம் நல்லாத்தான் இருந்துச்சு அக்கா, ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு. அடுத்தது வந்தா வர்றேன்.” நான்கு பேருக்கு வேலை கிடைத்து ஊர் மாறிவிட்டார்கள். மூன்று பேர் ஒரே காரணம் சொன்னார்கள். பக்கத்து மேசையில் நாள் முழுக்க போன் பேசுகிறார்கள், தலைவலி.

முதல் ஒன்பது பேருக்கு நம்மிடம் இருந்த வாய்ப்பு இரண்டுதான்: முழு மாதம் கட்டு, அல்லது போ. வேலை குறைந்தவர் போகத்தான் செய்வார். மாதம் பத்து நாள் வரலாம், 2,000 ரூபாய் என்று ஒரு சிறிய திட்டம் போட்டோம். இதைப் புதியவருக்கு முதலில் சொல்லக் கூடாது என்று வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சொன்னேன், இல்லாவிட்டால் எல்லாரும் இதையே எடுப்பார்கள். விலகுகிறேன் என்று வருபவருக்கு மட்டும். தாளில் இப்படி இரண்டு பேர் ஒரு சீட். அடுத்து, ஆறு மாதம் சேர்த்து ஒப்புக்கொண்டால் 10 சதவீதம் குறைவு. போன் பேசுகிற பிரச்சினைக்குச் சாமான் அறையைக் காலி செய்து, உள்ளே ஒலி தடுக்கும் பலகை அடித்து, சின்ன விசிறியும் விளக்கும் வைத்து போன் அறை ஆக்கினோம். 38,000 ரூபாய் ஆனது. மிச்சமிருந்த மாதங்களில் பிரித்தால் மாதம் 750க்குள். மூன்று பேர் அதனால் போனார்கள் என்றால் அவர்கள் ஒரு மாதம் தந்திருக்கக்கூடிய தொகையே அதைவிடப் பல மடங்கு.

இதற்கிடையில் இன்னொரு எண்ணிக்கையும் எடுத்தோம். நான்கு வாரம் தினமும் காலை 11, மதியம் 1, மாலை 4 மணிக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினோம். பணம் கட்டியவர்கள் 27, காலை 11 மணிச் சராசரி 16, உச்சம் ஒரு செவ்வாய்க்கிழமை 21, சனிக்கிழமை ஐந்து. வருமானம் 27ஐப் பின்தொடர்கிறது, ஏசியும் டீயும் 16ஐப் பின்தொடர்கின்றன. கழிப்பறையும் இன்டர்நெட் வேகமும் 21க்குத் தாங்க வேண்டும். மூன்றையும் ஒரே “நிரம்பல்” என்று எழுதினால் எல்லா வரியும் தப்பாகும்.

ஹாட் டெஸ்க் பக்கம் இது தெளிவாகத் தெரிந்தது. கேபின் குழு போன பிறகு அங்கே உறுப்பினர் 16 ஆனார்கள், ஆனால் எந்த நேரத்திலும் 11 பேருக்கு மேல் உட்காரவில்லை. ஆகவே 16 மேசைக்கு 20 உறுப்பினர் வரை எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். சராசரியைப் பார்த்து 24 என்று கூடச் சொல்லலாம், ஆனால் அது ஆபத்து. மாதக் கட்டணம் கட்டியவர் ஒரு செவ்வாய்க்கிழமை இடமில்லாமல் திரும்பினால் அடுத்த மாதம் அவர் விலகல் கணக்கில் வருவார். உச்சத்தைப் பார்த்துத்தான் விற்க வேண்டும். உச்சம் 14ஐத் தொட்டால் சேர்க்கையை நிறுத்துவது என்று எழுதி வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமை ஐந்து பேர் நான்கு மூலையில் உட்கார்ந்து மூன்று 2 டன் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ஜன்னல் பக்கப் பகுதி மட்டும் திறக்கிறோம் என்று அறிவித்தோம், யாரும் கோபப்படவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் அளவுக்கு மிச்சம்.

மீட்டிங் அறைதான் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. எட்டுப் பேர் உட்காரும் அறை, 180 சதுர அடி. சதுர அடிக்கு 25 ரூபாய் வாடகை என்றால் அறைக்கு மட்டும் மாதம் 4,500. வெளியாளுக்கு மணிக்கு 400 என்று வைத்து மாதம் 15,000 எதிர்பார்த்தேன். வந்தது 12 மணி நேரம், 4,800. அறை காலியாக இருந்ததா என்றால் இல்லை. முன்பதிவு நோட்டில் அந்த மாதம் 118 மணி நேரம் நிரம்பியிருந்தது. 106 மணி நேரம் உறுப்பினர்களுக்குக் கொடுத்திருந்த இலவச மணி. தலைக்கு ஆறு மணி நேரம் இலவசம் என்று சேர்க்கும்போது தாராளமாகச் சொல்லியிருந்தோம். பாதி முன்பதிவுகளில் ஒரே ஆள், போன் பேசத்தான் உள்ளே போயிருக்கிறார். அதுவும் காலை 11 முதல் 1 வரை, வெளியிலிருந்து பயிற்சி வகுப்புக்கும் நேர்காணலுக்கும் கேட்கிற அதே நேரத்தில். போன் அறை வந்ததும் இது தானாகவே குறைந்தது. இலவசத்தை நிரந்தர மேசைக்கு நான்கு மணி, ஹாட் டெஸ்க்குக்கு இரண்டு மணி என்று மாற்றினோம். பழைய உறுப்பினர்களுக்கு மூன்று மாதம் பழையபடியே விட்டோம், சொன்ன வார்த்தையை உடனே மாற்றுவது சரியில்லை. ஆறு மாதத்தில் வெளியார் பயன்பாடு மாதம் 24 மணி நேரம் ஆனது, 9,600 ரூபாய். 15,000 என்று மறுபடி எழுத மாட்டேன். இந்தத் தெருவில் அதற்கு மேல் கேட்பாரில்லை என்று நினைக்கிறேன்.

2024 ஆகஸ்ட் முடிவில், திறந்து பதினைந்தாவது மாதம், நிலவரம் இது. கடைசி ஆறு மாதத்தில் 27 பேர் சேர்ந்தார்கள், 17 பேர் விலகினார்கள். சேர்க்கை 4.5, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான். விலகல் 13 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக இறங்கியது. சீட் 37. எல்லைக்கோடு தாளில் 48ஐத் தாண்டிப் போகிறது, ஆனால் அதை நான் நம்பவில்லை. ஆறு மாத ஒப்பந்தம் போட்டவர்கள் இன்னும் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறார்கள், அவர்கள் விலகவே முடியாது. முதல் ஒப்பந்தங்கள் முடியும் மூன்று மாதத்தின் விலகலைப் பார்த்த பிறகுதான் H1இல் 0.09 எழுதுவேன். அதுவரை 0.11.

தள்ளுபடியால் சீட்டுச் சராசரி 4,500க்கு இறங்கியிருக்கிறது. அதற்கு ஆகும் 680 போக ஒரு சீட்டில் நிற்பது 3,820. 37 சீட்டுக்கு 1,41,340, மீட்டிங் அறை 9,600, நிலையான செலவு 1,25,000 போக மிச்சம் 25,940. போன் அறையையும் சேர்த்து மாதம் மீட்க வேண்டியது 30,750 அளவில். இன்னும் 4,800 ரூபாய் குறைகிறது. கையிலிருந்து போடுவது நின்றுவிட்டது, போட்ட முதல் முழுதாகத் திரும்பத் தொடங்கவில்லை. இன்னும் இரண்டு சீட் வேண்டும்.

வாடகை ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும். அது அடுத்த ஆண்டு வருகிறது, மாதம் 6,000. தாளில் அந்த மாதத்துக் கட்டத்தில் 66,000 என்று இப்போதே எழுதிவிட்டேன். வேண்டிய சீட் 39 இலிருந்து 40 ஆகிறது. ஹாட் டெஸ்க் விலையை 4,000 இலிருந்து 4,200 ஆக்கலாமா, வரியோடு சேர்த்துச் சொன்ன அந்த எட்டுப் பேரில் மிச்சமிருப்பவர்களிடம் முதலில் பேசலாமா என்று ஆடிட்டரோடு யோசித்துக்கொண்டிருக்கிறோம். நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்வேன்.